முதலில் கட்டம், பிறகு எண்

ஒரு மழைமானி நிலையத்தின் ஆண்டுப் பதிவுத்தாளை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் 1 முதல் 31 வரை தேதிகள், மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதங்கள். எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் பெய்ததோ, அது அந்தந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கும். மழையே இல்லாத நாளின் கட்டம் காலியாக இருக்கும். அடியில் இரண்டு வரிகள்: மாத மொத்தம் ஒன்று, மழை நாட்களின் எண்ணிக்கை ஒன்று. இப்படிப்பட்ட பழைய தாள்களை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எண்களைக் கணினி அட்டவணையாக மாற்ற வேண்டும் என்பது வேலை.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு ஓசிஆர் என்று பெயர். இலவசமாகக் கிடைப்பவற்றில் பரவலாகப் பயன்படுவது டெசராக்ட். முழுத் தாளையும் அதனிடம் அப்படியே கொடுத்தால், 15ஆம் தேதி வரிசையை அது பெரும்பாலும் இப்படித்தான் திருப்பித் தரும்: 15, 12.4, 3.0, 48.2. நான்கு எண்களையும் சரியாகவே படித்திருக்கிறது. ஆனால் 12.4 எந்த மாதத்துக்கு உரியது? காலிக் கட்டங்களில் எழுத்து எதுவும் இல்லாததால் அவை வெளியீட்டில் வருவதில்லை. எண்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்து நின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, கட்டத்தின் செங்குத்துக் கோடு சில இடங்களில் 1 என்ற எண்ணாகிவிடும்.

அட்டவணையில் ஓர் எண்ணுக்குப் பொருள் தருவது அது நிற்கும் இடம்தான். அதனால் படிப்பதற்கு முன் இடத்தைப் பிடிக்க வேண்டும். கோடுகளைக் கண்டுபிடி, கோடுகளிலிருந்து கட்டங்களை எடு, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டிப் படி. இந்த மூன்றில் முதல் இரண்டையும் செய்துதருவது ஓபன்சிவி. இன்டெல் நிறுவனத்தில் 1999இல் தொடங்கி, பின்னர் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட பட ஆய்வு நூலகம் அது. பைத்தான் தெரிந்தவர்கள் சில வரிகளில் அதை வேலை வாங்கலாம்.

எழுத்து மறைய, கோடு மட்டும் நிற்க

நம் தாள் ஏ4 அளவு, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 2480 பிக்சல், உயரம் 3508 பிக்சல். தேதிக்கு ஒன்று, மாதங்களுக்குப் பன்னிரண்டு என்று 13 பத்திகள். தலைப்பு ஒன்று, நாட்கள் 31, அடியில் இரண்டு என்று 34 வரிசைகள். ஒரு கட்டம் சுமார் 168 பிக்சல் அகலம், 90 பிக்சல் உயரம். உள்ளே இருக்கும் எண்கள் 10 புள்ளி அளவு. ஓர் இலக்கத்தின் உயரம் ஏறக்குறைய 30 பிக்சல். கோட்டின் தடிமன் 3 பிக்சல்.

கோட்டுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவுகளிலேயே இருக்கிறது. 5 என்ற எண்ணின் மேல்கோடு படுக்கைவாட்டில் 16 பிக்சல்கூட ஓடுவதில்லை. அட்டவணையின் கோடோ தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 2000 பிக்சலுக்கு மேல் ஓடுகிறது. ஆகவே, "படுக்கைவாட்டில் தொடர்ந்து 80 பிக்சல் மை இருந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் அழித்துவிடு" என்று சொன்னால் எழுத்துகள் எல்லாம் போய்விடும், படுக்கைக் கோடுகள் மட்டும் எஞ்சும். அதையே செங்குத்தாக 60 பிக்சலுக்குச் செய்தால் நிற்கும் கோடுகள் கிடைக்கும்.

```python
import cv2
img = cv2.imread("mazhai.png", cv2.IMREAD_GRAYSCALE)
bw = cv2.adaptiveThreshold(img, 255,
        cv2.ADAPTIVE_THRESH_MEAN_C,
        cv2.THRESH_BINARY_INV, 31, 15)
hk = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (80, 1))
vk = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (1, 60))
hl = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, hk)
vl = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, vk)
```

இதில் `adaptiveThreshold` வரி படத்தைக் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களுக்குக் கொண்டுவருகிறது. பழைய தாளின் ஒரு மூலை பழுப்பேறியிருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும். தாள் முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்தால் பழுப்பு மூலை மொத்தமும் மையாகிவிடும். அதனால் ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள 31 பிக்சல் சதுரத்தின் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்கிறோம். `INV` என்பது நிறத்தைத் திருப்பிப் போடுகிறது: மை வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் மாறும். ஓபன்சிவிக்கு வெள்ளைதான் பொருள், கறுப்பு பின்னணி.

`MORPH_OPEN` இரண்டு அடியில் வேலை செய்கிறது. முதலில் அரிப்பு: 80 பிக்சல் நீளப் பட்டை முழுதாகப் பொருந்தாத இடங்களில் மையை நீக்குகிறது. அப்போது உண்மையான கோடும் இரு முனைகளிலும் சற்றுக் குட்டையாகிவிடும். அடுத்தது விரிப்பு: எஞ்சியதை அதே பட்டையால் நீட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவருகிறது. அரிப்பில் முழுதாக அழிந்துபோன எழுத்துக்கு நீட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இந்த முறை 1964இல் பிரான்சில் ஜார்ஜ் மத்தெரோனும் ஜான் செராவும் தொடங்கிவைத்த உருவக் கணிதத்திலிருந்து வந்தது. அவர்கள் ஆராய்ந்தது எழுத்தை அல்ல. கனிமத்தின் உள் அமைப்பை.

பட்டையின் நீளத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. எழுத்தின் மிக நீண்ட கீற்றைவிட அது பெரிதாக இருக்க வேண்டும், கட்டத்தின் பக்கத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். நம் தாளில் செங்குத்துப் பட்டை 30க்கும் 90க்கும் நடுவே எங்கும் இருக்கலாம் என்பதால் 60 வசதியானது. நெருக்கமாக அச்சிட்ட தாளில் வரிசையின் உயரமே 45 பிக்சல் என்றால் இடைவெளி மிகவும் குறுகிவிடும். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நிரலிலிருந்து 40 என்ற எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால், 150 டிபிஐ படத்தில் ஒரு விளைவும் 600 டிபிஐ படத்தில் வேறொரு விளைவும் வருவது இதனால்தான். எண்ணைத் தாளை அளந்து வைக்க வேண்டும்.

இந்தி கலந்த இருமொழிப் படிவங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தேவநாகரியில் ஒரு சொல்லின் எழுத்துகளெல்லாம் மேலே ஒரே கோட்டில் தொங்குகின்றன. நீளமான சொல்லின் தலைக்கோடு 150 பிக்சல்கூட ஓடும். 80 பிக்சல் பட்டை அதையும் அட்டவணைக் கோடு என்று வைத்துக்கொள்ளும். எஞ்சிய ஒவ்வொரு துண்டின் மொத்த நீளத்தையும் பார்த்து, தாளின் அகலத்தில் பாதிகூட இல்லாதவற்றைக் கழித்துவிட்டால் இது தீரும்.

ஒரு பாகைச் சாய்வு

ஸ்கேனரில் தாள் சற்றே கோணலாக வைக்கப்பட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு பாகைச் சாய்வையே பார்ப்போம். 3 பிக்சல் தடிமன் கொண்ட கோடு ஒரு பாகை சாய்ந்தால், அதற்குள் நேர்ப் படுக்கையாக ஓடக்கூடிய நீளம் சுமார் 172 பிக்சல். 80 பிக்சல் பட்டை அதில் பொருந்தும், கோடு பிழைக்கும். இரண்டு பாகையில் அந்த நீளம் 86 ஆகக் குறைகிறது, மயிரிழையில் தப்பும். மூன்று பாகையில் 57. பட்டை எங்குமே பொருந்தாமல் கோடு முழுவதும் மறைந்துவிடும். கோட்டின் தடிமன் ஒரே ஒரு பிக்சல் என்றால் ஒரு பாகையிலேயே இந்த நிலைதான்.

படுக்கைக் கோடுகள் மட்டும் தாள் முழுக்கக் காணாமல் போயிருந்தாலோ, துண்டுதுண்டாக ஒரே சீரான இடைவெளியில் அறுந்திருந்தாலோ, சாய்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்து எளிது. `HoughLinesP` என்ற கட்டளை படத்தில் உள்ள நீண்ட நேர்கோட்டுத் துண்டுகளைத் தேடித் தரும். அவற்றின் சாய்வுகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்து, படத்தை அந்த அளவுக்கு எதிர்ப்புறம் சுழற்றினால் போதும். சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுப்பதற்குக் காரணம் உண்டு: தாளின் மடிப்பு, ஓரத்தில் யாரோ கிழித்த பேனாக்கோடு போன்ற ஓரிரு தவறான துண்டுகள் சராசரியை இழுத்துவிடும், நடு மதிப்பை அசைக்காது.

கைபேசியில் எடுத்த படம் என்றால் சுழற்றினால் மட்டும் போதாது. தாள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் விழுந்திருக்கும். அட்டவணையின் நான்கு வெளி மூலைகளையும் கண்டுபிடித்து `warpPerspective` மூலம் செவ்வகமாக இழுத்து நிமிர்த்திய பிறகே கோடு தேட வேண்டும்.

வரப்பு உடைந்தால்

கோடுகள் கிடைத்துவிட்டன. இனி இரண்டு படங்களையும் ஒன்றாகச் சேர்த்து, கோடுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு வெற்றிடத்தையும் ஒரு கட்டமாக எடுக்க வேண்டும்.

```python
grid = cv2.dilate(cv2.bitwise_or(hl, vl), None)
n, lab, st, cen = cv2.connectedComponentsWithStats(
        255 - grid, connectivity=4)
boxes = [s[:4] for s in st[1:] if 9000 < s[4] < 22000]
```

இந்த நிரல் பார்ப்பது வயலையும் வரப்பையும்தான். கோடு வரப்பு, கட்டம் வயல். ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் விட்டு அது எதுவரை பரவுகிறது என்று பார்த்து, அந்தப் பரப்புக்கு ஓர் எண் கொடுக்கிறது. வரப்பில் ஓர் உடைப்பு இருந்தாலும் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். `connectivity=4` என்பது மூலைவிட்டத்தில் ஒழுகாதபடி தடுக்கிறது.

தாளை மடித்து வைத்திருந்ததால் ஜூன், ஜூலைக்கு நடுவே உள்ள செங்குத்துக் கோடு 17ஆம் தேதி வரிசையில் 6 பிக்சல் அளவுக்கு அழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தின் உட்பரப்பு சுமார் 14,000 பிக்சல். ஒன்றாகிப்போன இரண்டும் சேர்ந்து 28,000. நாம் வைத்த மேல் வரம்பு 22,000 என்பதால் அது பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். 13 பத்தி, 34 வரிசைக்கு 442 கட்டங்கள் வர வேண்டிய இடத்தில் 440தான் வரும். எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஒரு வரி நிரலில் இருந்தால், ஓர் எழுத்தைக்கூடப் படிப்பதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும். அந்த வரி இல்லாவிட்டால் ஜூன் 17க்குப் பிறகுள்ள எல்லா எண்களும் இரண்டு இடம் முன்னால் நகர்ந்து உட்காரும்.

உடைப்பை அடைக்க `MORPH_CLOSE` உண்டு. செங்குத்துக் கோடுகளின் படத்தில் மட்டும் 15 பிக்சல் நீளப் பட்டையால் அதைச் செய்தால் இந்த 6 பிக்சல் இடைவெளி மூடிக்கொள்ளும். இதை அசல் படத்தில் செய்திருந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பியிருக்கும். கோட்டுப் படத்தில் எழுத்தே இல்லை என்பதால் தாராளமாகச் செய்யலாம். கோடுகளைத் தனியே பிரித்ததன் இன்னொரு லாபம் இது.

கோப்பில் கட்டப் போட்ட துளை ஒரு கோட்டில் 60, 70 பிக்சலையே தின்றுவிட்டிருந்தால் அடைப்பது பயன்படாது. நம் அட்டவணையில் எல்லாப் பத்திகளும் மேலிருந்து கீழ்வரை நேராகப் போகின்றன. எனவே நிமிர்த்திய செங்குத்துக் கோட்டுப் படத்தில், ஒவ்வொரு நிலையிலும் மேலிருந்து கீழாக எத்தனை மைப் பிக்சல் இருக்கிறது என்று கூட்டினால் 14 இடங்களில் உச்சம் தெரியும். படுக்கைக் கோட்டுப் படத்தில் அப்படியே 35 உச்சங்கள். ஒரு துளையோ மடிப்போ 3000 பிக்சல் நீளக் கோட்டின் கூட்டலைப் பெரிதாகக் குறைத்துவிடாது. அந்த 14க்கும் 35க்கும் நடுவே உள்ள இடங்களே கட்டங்கள். ஆனால் இரண்டு மூன்று பத்திகளை இணைத்த தலைப்பு உள்ள அட்டவணைகளில் இப்படிச் செய்தால் இல்லாத கோட்டையும் இருப்பதாக வெட்டிவிடும். அங்கே தண்ணீர் விட்டுப் பார்க்கும் முறைதான் சரி.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

கட்டங்கள் கிடைத்தாலும் அவை நாம் படிக்கும் வரிசையில் வரும் என்று நம்பக் கூடாது. ஒரே வரிசையின் கட்டங்கள்கூட மேல்விளிம்பில் ஒன்றிரண்டு பிக்சல் ஏறியிறங்கி இருக்கும். மேலிருந்து கீழ் என்று மட்டும் அடுக்கினால் மார்ச் முதலிலும் ஜனவரி பிறகும் வரலாம். மேல்விளிம்புகள் பாதி வரிசை உயரத்துக்குள், அதாவது 45 பிக்சலுக்குள் இருப்பவற்றை ஒரே வரிசையாகக் கட்டிவிட்டு, அதற்குள் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும்.

அடுத்து, கட்டம் காலியா என்பதை ஓசிஆரிடம் கேட்கவே கூடாது. காலிக் கட்டத்தைக் கொடுத்தால் தாளின் அழுக்கை ஓர் எண்ணாகப் படித்துத் தரும் சுபாவம் அதற்கு உண்டு. கட்டத்தின் உள்ளே எத்தனை மைப் பிக்சல் என்று நாமே எண்ணிப் பார்த்துவிடலாம். மெலிந்த 1 என்ற இலக்கத்திலேயே நூறு பிக்சலுக்கு மேல் மை இருக்கும். நாற்பதுக்குக் கீழே என்றால் காலி என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

```python
roi = img[y+4:y+h-4, x+4:x+w-4]
roi = cv2.copyMakeBorder(roi, 15, 15, 15, 15,
        cv2.BORDER_CONSTANT, value=255)
txt = pytesseract.image_to_string(roi, config=
        "--psm 7 -c tessedit_char_whitelist=0123456789.")
```

கட்டத்தின் எல்லையிலிருந்து நான்கு பக்கமும் 4 பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுகிறோம். கோட்டின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்து 1 ஆகிவிடக் கூடாது. பிறகு சுற்றிலும் வெள்ளை ஓரம் சேர்க்கிறோம். எழுத்து படத்தின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தால் டெசராக்ட் தடுமாறும். வெட்டுவது `bw` படத்தை அல்ல, அசல் சாம்பல் படத்தை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பதுதான் டெசராக்டுக்குப் பழக்கம். `--psm 7` என்றால் "இதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, பத்தி எது, பகுதி எது என்று தேடாதே" என்று பொருள். கடைசியில் உள்ளது, எண்களையும் புள்ளியையும் தவிர வேறெதையும் சொல்லாதே என்ற கட்டுப்பாடு. டெசராக்ட் 4.0 பதிப்பின் புதிய படிப்பு முறையில் இந்தக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை, 4.1இல்தான் திரும்ப வந்தது. பழைய கணினியில் ஓட்டுபவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தாளில் புள்ளிபுள்ளியாக அழுக்கு இருக்கிறதே என்று, வெட்டிய படத்தை மங்கலாக்கியோ சிறு துணுக்குகளை அழித்தோ "சுத்தம்" செய்வார்கள். 10 புள்ளி எழுத்தில் தசமப் புள்ளியின் அகலமே நான்கைந்து பிக்சல்தான். அழுக்கோடு அதுவும் போய், 12.4 மில்லிமீட்டர் மழை 124 மில்லிமீட்டர் ஆகிவிடும். சாரல் பெய்த நாள் பெருமழை நாளாக மாறிவிடும்.

தாளே சொல்லும் சாட்சி

இந்தப் பிழைகளைப் பிடிக்கத் தாளிலேயே வழி இருக்கிறது. அக்டோபர் பத்தியில் படித்த எண்களைக் கூட்டினால் 412.6 வருகிறது, ஆனால் அடியில் அச்சாகியிருக்கும் மொத்தம் 301.0. வித்தியாசம் 111.6. ஒரு தசமப் புள்ளி தொலைந்தால் எண் பத்து மடங்காகிறது, அதாவது கூட்டலில் ஒன்பது மடங்கு கூடுதலாகச் சேர்கிறது. 111.6ஐ 9ஆல் வகுத்தால் 12.4. அந்தப் பத்தியில் 124 என்று எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

ஆனால் மாத மொத்தத்தால் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு: ஒரு பத்தி முழுவதும் ஒரு வரிசை கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டால் கூட்டல் மாறாது, தேதிகள் மட்டும் மாறிவிடும். இந்தியாவில் மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதுகிறார்கள். சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழை, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் வந்தது அப்படித்தான். ஏற்கெனவே ஒரு நாள் தள்ளி நிற்கும் தேதி, கட்டப் பிழையால் இன்னொரு நாள் தள்ளினால் ஆற்றின் நீர்மட்டத்தோடு ஒப்பிடும்போது மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாகக் கணக்கு காட்டும்.

அதற்குக் காவல், இல்லாத தேதிகள். 12 மாதங்களுக்கும் 31 வரிசை என்றால் 372 கட்டங்கள். சாதாரண ஆண்டில் நாட்கள் 365. பிப்ரவரி 29, 30, 31, பிறகு ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் மாதங்களின் 31 என்று ஏழு கட்டங்களில் எண் இருக்கவே முடியாது. அவற்றில் ஒன்றில் எண் வந்தால் படித்ததில் பிழை இல்லை, கட்டம்தான் இடம் மாறியிருக்கிறது.

இந்த முறை எங்கே உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோடே போடாமல் இடைவெளியால் மட்டும் பத்தி பிரித்த அட்டவணையில் இதற்கு வேலை இல்லை. எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிற பிடிஎஃப் என்றால் ஓசிஆரே தேவையில்லை. கேமெலாட் போன்ற நூலகம் இதே முறையில் கோடுகளை மட்டும் கண்டுபிடித்து, எழுத்தைக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கையெழுத்துத் தாள்களில் 7இன் வாலும் 9இன் வாலும் கோட்டைத் தாண்டிக் கீழ்க் கட்டத்துக்குள் நீளும். நேர் செவ்வகமாக வெட்டினால் இரண்டு கட்டங்களும் கெடும். பிரிட்டனில் 2020இல் சுமார் 65,000 பழைய மழைத் தாள்களைக் கணினியேற்றியபோது, கையால் எழுதிய அந்த எண்களைப் படித்துத் தட்டச்சு செய்தது ஏறக்குறைய 16,000 தன்னார்வலர்கள்தான்.

அச்சுத் தாள் என்றால் இந்த வழி நன்றாகவே ஓடும். முடிவு தவறாக வரும்போது டெசராக்டின் அமைப்புகளைத் திருகத் தொடங்குவதற்கு முன், கண்டுபிடித்த கட்டங்களை அசல் படத்தின் மேல் `cv2.rectangle` கொண்டு சிவப்பில் வரைந்து திரையில் பாருங்கள். எண்ணிக்கை 442தானா, ஒவ்வொரு சிவப்புச் செவ்வகமும் அச்சுக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் மட்டுமே எழுத்துப் பிழையைத் தேடுவதில் பயன் உண்டு.